சம்பளம் உள்ளே வரும், வெளியே போகாது: கேஒய்சி முடக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை

குடியாத்தத்தில் 2014-ல் தொடங்கிய என் சேமிப்புக் கணக்கில்தான் ராணிப்பேட்டை ஷூ கம்பெனிச் சம்பளம் விழுகிறது. போன மாதமும் விழுந்தது. அன்று சாயங்காலம் சத்துவாச்சாரியில் மருந்துக் கடையில் ஜிபே பண்ணினால் போகவில்லை. நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிட்டேன். ஏடிஎம்மில் பேலன்ஸ் காட்டியது, பணம் தரவில்லை. அப்புறம் வண்டி லோன் இஎம்ஐ பவுன்ஸ். வங்கி 590 ரூபாய் பிடிக்கும் என்று மெசேஜ் வந்தது, ஃபைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்கு இன்னொரு அபராதம் போட்டது.

பேலன்ஸ் தெரிகிறது, வரவு வருகிறது, ஆனால் எந்தப் பற்றும் நடக்கவில்லை என்றால் டெபிட் ஃப்ரீஸ் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். கஸ்டமர் கேரில் கேட்டபோது, “கேஒய்சி புதுப்பிக்கவில்லை, மேடம். எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தோம்” என்றார்கள். அனுப்பியது உண்மைதான், லிங்க்கோடு. “கேஒய்சி லிங்க்கைத் தொடாதீர்கள்” என்று எச்சரிப்பதும் இதே வங்கிதான். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் சொன்னது, கேஒய்சி புதுப்பிக்க வேண்டிய கெடு தேதிக்கு முன்பு குறைந்தது மூன்று அறிவிப்பு, அதில் ஒன்றாவது கடிதம். கெடு முடிந்த பிறகும் அதேபோல் மூன்று. குடியாத்தம் வீட்டில் இன்னும் அம்மா இருக்கிறார். அங்கே ஒரு கடிதமும் வரவில்லை.

சத்துவாச்சாரிக் கிளையில் இருந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், “ஹோம் பிராஞ்ச் போங்க” என்றார். எந்தக் கிளையிலும் கொடுக்கலாம் என்று அவர்களுடைய இணையதளத்திலேயே இருப்பதைக் காட்டிய பிறகுதான் படிவம் வந்தது. அடுத்த முட்டுக்கட்டை முகவரி. ஆதாரில் குடியாத்தம், இப்போது இருப்பது வாடகை வீடு. “ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி போட்ட வாடகை ஒப்பந்தம் வேண்டும்” என்றார். வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், “இன்னா மேடம், கேஒய்சியா? எல்லாம் சேத்து எண்ணூறு குடுங்க” என்று தயாராக இருந்தார். நான் கொடுக்கவில்லை.

கொடுக்கத் தேவையும் இல்லை. எதுவும் மாறவில்லை என்றால் ‘மாற்றம் இல்லை’ என்ற சுய உறுதிமொழி போதும். அதைப் பதிவு செய்த மொபைல், இமெயில், வங்கி ஆப் வழியாகவே கொடுக்கலாம். முகவரி மட்டும் மாறியிருந்தால் புது முகவரியையும் சுய உறுதிமொழியாகவே தரலாம். அதை வங்கிதான் இரண்டு மாதத்துக்குள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் ஓடிபி அல்லது கைரேகை வழியாக கேஒய்சி செய்பவர், ஆதாரில் உள்ளதிலிருந்து வேறுபட்ட தற்போதைய முகவரியை எழுதிக் கொடுத்தாலும் ஏற்க வேண்டும். கொடுத்ததற்குத் தேதியோடு ரசீது கேட்டு வாங்குங்கள். எனக்கு முதலில் தரவில்லை. சில நாள் கழித்துப் போனால், “படிவம் இங்கே இல்லையே” என்றார்கள். இரண்டாவது படிவத்தின் நகலில் சீல் வாங்கிய பிறகுதான் கவுன்டரை விட்டு நகர்ந்தேன்.

எனக்கு உண்மையில் வேலைக்கு ஆனது இன்னொரு விதி. வங்கி குறைந்த ரிஸ்க் என்று பிரித்து வைத்திருக்கும் தனிநபருக்கு, கெடு தேதியிலிருந்து ஒரு வருடம் அல்லது 2026 ஜூன் 30, இதில் எது பிந்தியதோ அதுவரை எல்லாப் பரிவர்த்தனையையும் அனுமதிக்க வேண்டும். குறைந்த ரிஸ்க்குக்குப் பத்து வருடம், நடுத்தரத்துக்கு எட்டு, அதிகத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீங்கள் எந்தப் பிரிவு என்று வங்கி சொல்லாது, அது ரகசியம். மாதச் சம்பளம் மட்டும் வரும் கணக்குகள் பெரும்பாலும் முதல் பிரிவுதான். “இந்தச் சலுகை எனக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் ஏன் என்று எழுத்தில் தாருங்கள்” என்று மேலாளருக்குக் கடிதம் கொடுத்தேன். எழுத்தில் பதில் வரவில்லை. மறுநாள் முடக்கம் நீங்கியது.

முடக்கம் நீங்கியதும் பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அப்புறம் இஎம்ஐ, எஸ்ஐபி, யூபிஐ ஆட்டோபே எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இடையில் கெடு வரும் இஎம்ஐயை வேறு கணக்கிலிருந்தோ நேரிலோ கட்டிவிடுங்கள்; தாமதம் சிபில் அறிக்கையில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. நான் அண்ணனிடம் கைமாற்று வாங்கிக் கட்டினேன்.

எழுத்துப் புகாருக்கு 30 நாளில் தீர்வு வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போடலாம். உதவிக்கு 14448. வங்கி தன் 590-ஐத் திருப்பிவிட்டது. ஃபைனான்ஸ் கம்பெனியின் அபராதத்தையும் வங்கிதான் தர வேண்டும் என்று சீல் வைத்த நகலோடு மறுபடி எழுதியிருக்கிறேன்.