சுருளா, மெழுகுவத்தியா: படுக்கையருகே எது ஆபத்து?

மின்சாரம் போன இரவில் பாய்க்குப் பக்கத்தில் கொசுவர்த்திச் சுருளும் மெழுகுவத்தியும் எரிகின்றன. பார்வைக்குப் பயமுறுத்துவது மெழுகுவத்திதான். சாய்ந்தால் திரைச்சீலையோ நைலான் கொசுவலையோ நொடிகளில் பற்றிக்கொள்ளும். ஆனால் சுடர் கண்ணுக்குத் தெரியும். விழித்திருப்பவர் உடனே பார்த்துவிடுவார், படுக்கும்போது ஊதி அணைத்துவிடவும் முடியும்.

கொசுவர்த்திச் சுருள் அப்படியில்லை. சுடரே இல்லாமல் ஏழெட்டு மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும், அதாவது நாம் தூங்கும் நேரம் முழுவதும். புரண்டு படுக்கும்போது விலகும் போர்வையின் நுனி பட்டால், பருத்தியும் இலவம்பஞ்சும் சுடர்விடாமல் உள்ளுக்குள்ளேயே கருகும். அணைக்காத சிகரெட் துண்டு செய்வதும் இதையேதான். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது; அது தூங்குபவரை எழுப்பாது, மேலும் மயக்கும்.

என் கணக்கில் சுருளே மோசம். ஒருமுறை எங்கள் மெத்தையில் காசளவு கருகல். ஒரு சொம்பு நீரை ஊற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தோம். இரண்டு மணி நேரத்தில் அதே இடத்திலிருந்து மீண்டும் புகை. பஞ்சுக்குள் கங்கு உயிரோடு இருந்திருக்கிறது! மெத்தையை வெளியே இழுத்துப்போட்டு, உறையைக் கிழித்து, பஞ்சைப் பிரித்து நனைத்த பிறகுதான் அடங்கியது.

மெழுகுவத்திக்கு மாற்று எளிது: டார்ச். சுருளுக்கு மாற்று கொசுவலை. ஏற்றியே ஆகவேண்டுமென்றால், தகர ஸ்டாண்டில் செருகி, மணல் பரப்பிய எவர்சில்வர் தட்டில், படுக்கையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். மின்சாரம் திரும்பியதும் விசிறி சுழலும், போர்வை நுனி ஆடும்.