புனைபெயரைக் காட்டிக்கொடுத்த செல்பேசி எண்

போன மாதம் வாடகை கொடுக்கப் போனபோது வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மாடித் தொட்டியில தண்ணி ஏறாத கவிதை நீங்க எழுதினதாம்மா?" எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நான் புனைபெயரில் கவிதை எழுதும் அந்தக் கணக்கில் என் பெயரோ படமோ ஊரோ எதுவும் இல்லை.

செயலியின் பெயர் வேண்டாம். கணக்கு தொடங்கும்போது ஓடிபிக்காக என் எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். பிறகு வீட்டுக்காரர் அதே செயலியை நிறுவியிருக்கிறார். தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்டதும் சரி என்று அழுத்தியிருக்கிறார். அவர் போனில் சேமித்திருந்த எண்கள் மொத்தமும் சர்வருக்குப் போயின. அவற்றில் 'மாடி வீடு' என்று அவர் போட்டு வைத்திருந்த எண்ணும் என் கணக்கின் எண்ணும் ஒன்றாக இருந்ததால், 'இவரைப் பின்தொடரலாம்' என்று என்னை அவருக்குக் காட்டியது. தண்ணீர்த் தொட்டியைப் படித்ததும் அவருக்கு ஆள் புரிந்துவிட்டது.

உடனே என் போனில் செயலிக்குக் கொடுத்திருந்த தொடர்பு அனுமதியை எடுத்துவிட்டேன். ஆனாலும் பழைய பிளம்பரும் பள்ளி ஆசிரியையும் பரிந்துரையில் வந்துகொண்டே இருந்தார்கள். அனுமதியை எடுத்தால் இனிமேல் எண்கள் போகாது, அவ்வளவுதான். முன்பே போனவை சர்வரில் அப்படியே கிடக்கும். அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும்.

இதில் வரிசை முக்கியம். போனில் இருக்கும் எண்களைச் செயலி தானாகச் சர்வருக்கு ஏற்றும் ஒத்திசைவை முதலில் எல்லாக் கருவிகளிலும் நிறுத்த வேண்டும், அப்புறம்தான் அழிக்க வேண்டும். நான் மாற்றிச் செய்தேன். அதே கணக்கு திறந்திருந்த இன்னொரு கருவியிலிருந்து அழித்த எண்கள் மறுபடி ஏறிவிட்டன. பழைய போனிலோ டேப்லெட்டிலோ அதே கணக்கு திறந்திருந்தால் அங்கேயும் நிறுத்துங்கள். உதாரணத்துக்கு எக்ஸ் தளத்தில் Settings and privacy, அதில் Privacy and safety, அதில் Discoverability and contacts என்று போனால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. தொடர்பு ஒத்திசைவை அணைத்துவிட்டு, Manage contacts-க்குள் போய் Remove all contacts அழுத்த வேண்டும். மற்ற செயலிகளில் பெயர்கள் மாறும். அமைப்புகளில் 'contacts' என்று தேடிப் பாருங்கள். அழித்த பிறகும் சில நாட்கள் பழைய பரிந்துரைகள் தலைகாட்டலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று பாக்கி. வீட்டுக்காரர் ஏற்றிய பட்டியலில் என் எண் இருக்கிறது. அதை அவர்தான் அழிக்க முடியும், நான் கேட்கவா முடியும்? என் பக்கம் செய்யக்கூடியது, எண்ணை வைத்து என்னைக் கண்டுபிடிக்கும் வசதியை அணைப்பது. எக்ஸில் அதே பக்கத்தில்தான் அது இருக்கிறது. மின்னஞ்சலுக்கும் தனியாக ஒன்று உண்டு, இரண்டையும் அணையுங்கள்.

புனைபெயரில் எழுதுகிறவர்கள் முதல் பதிவு போடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். முடிந்தால் யாரிடமும் கொடுக்காத ஒரு மின்னஞ்சலில் கணக்கு தொடங்குங்கள். எனக்குக் காலம் கடந்துவிட்டது. வீட்டுக்காரர் இன்னும் என்னைப் பின்தொடர்கிறார். தொட்டி மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டார்.