உப்பை அளக்க மூன்று வழி, தண்ணீரை அளக்க இரண்டு: ஒரு ஹார்ட் ஃபெயிலியர் கேஸ் ஸ்டடி

உணவியல் இரண்டாம் வருடத்தில் எனக்குக் கிடைத்த கேஸ் இது. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, எடை 57 கிலோ, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 30 சதவீதம். ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை கால் வீங்கி, மூச்சு வாங்கி அட்மிட் ஆனவர். இப்போது வெளிநோயாளியாக வந்துபோகிறார். சிறுநீரைக் கூட்டி உப்பையும் நீரையும் வெளியேற்றும் டையூரெட்டிக் மாத்திரைகளான ஃப்யூரோசமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் எடுக்கிறார். எனக்குக் கொடுத்த கேள்வி இரண்டுதான்: இவர் ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு சோடியம் சாப்பிடுகிறார், எவ்வளவு திரவம் குடிக்கிறார்? உப்பை மூன்று விதமாக அளந்து பார்த்தேன், மூன்றிலும் மூன்று விடை வந்தது.

முதலில் 24 மணி நேர ரீகால், அதாவது நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவது. நான்கு இட்லி, சாம்பார், மதியம் சோறு, ரசம், பொரியல், இரவு தோசை. புத்தகத்தில் இருக்கும் ரெசிபி அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 1900 மி.கி. சோடியம் வந்தது. பார்க்க நல்ல எண். கூட வந்த மருமகளும் "அத்தைக்கு உப்பு கம்மியாத்தான் போடுறோம்" என்றார். ஆனால் இந்த முறையில் உள்ள ஓட்டை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேட்காததை யாரும் சொல்வதில்லை. "அக்கா, மோர் சாதத்துக்கு என்ன தொட்டுக்குவாங்க?" என்று தனியாகக் கேட்ட பிறகுதான் ஊறுகாய் வந்தது, அதுவும் இரண்டு வேளை. அப்புறம் அப்பளம், அப்புறம் உப்பு போட்ட மோர். ஒரு ஸ்பூன் ஊறுகாயிலேயே சில நூறு மி.கி. சோடியம் இருக்கும். அப்பளத்தில் உப்பு மட்டும் இல்லை, அதில் சேர்க்கும் அப்பளக்காரமும் சோடியம் சேர்மம்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த வீட்டில் உப்புப் போடும் கை எப்படிப்பட்டது என்றும் தெரியாமல் வந்த எண் அந்த 1900.

இரண்டாவது வழி வீட்டு உப்பு பாக்கெட்டை வைத்துக் கணக்குப் போடுவது. நான்கு பேர் உள்ள வீடு, 1 கிலோ பாக்கெட் சரியாக ஒரு மாதம் வருகிறது. 30 நாளால் வகுத்து, நாலால் வகுத்தால் ஆளுக்கு 8.3 கிராம் உப்பு. 1 கிராம் உப்பில் சுமார் 390 மி.கி. சோடியம், ஆக 3200-க்குச் சற்று மேல். இதற்கு லேப் வேண்டாம், மருமகளே சொல்லிவிடுவார். ஆனால் கீழே கொட்டுவது, வடித்த தண்ணீரோடு போவது, மிச்சமாகிக் குப்பைக்குப் போவது எல்லாம் இந்தக் கணக்கில் வயிற்றுக்குள் போனதாகிவிடும். கடையில் வாங்கிய ஊறுகாயும் அப்பளமும் இதில் வரவே வராது. பெரிய குடும்பம், வெளியே சாப்பிடுபவர்கள் என்றால் எண் இன்னும் தளர்ந்துவிடும்.

மூன்றாவது 24 மணி நேரச் சிறுநீர்ச் சோடியம். சாப்பிட்ட சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில் வெளியேறும் என்பதால் இதைத்தான் தராசு என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 2.3 லிட்டர் சிறுநீர், லிட்டருக்கு 88 மில்லிமோல், மொத்தம் 202. ஒரு மில்லிமோல் 23 மி.கி. என்பதால் 4600-க்கு மேல், உப்பாகச் சொன்னால் கிட்டத்தட்ட 12 கிராம். 'நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கவில்லை' என்று ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டேன்.

அது தவறு. பிடித்தது என் வழிகாட்டி. சேகரிப்புக்கு முந்தைய நாள்தான் டாக்டர் ஃப்யூரோசமைடை 40-லிருந்து 80 மி.கி. ஆக்கியிருந்தார். அந்த இரண்டு நாளில் அம்மாவின் எடை 1.2 கிலோ குறைந்திருந்தது. குறைந்தது கொழுப்பில்லை, உடலில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீர். அப்படித் தேங்கிய ஒரு லிட்டரில் சுமார் 140 மில்லிமோல் சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு 600 மி.லி. வடிந்தால் 80-க்கு மேல் மில்லிமோல் பழைய இருப்பிலிருந்து வந்ததுதான். அதையும் அன்றைய சாப்பாட்டில் ஏற்றி அந்த அம்மாவைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். இன்றும் அந்த வரியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மாத்திரை அளவு மாறாமல், எடையும் ஒரே இடத்தில் நின்று பத்து நாள் ஆன பிறகு மறுபடி சேகரித்தோம். இப்போது 1.6 லிட்டர், லிட்டருக்கு 75, மொத்தம் 120 மில்லிமோல், அதாவது 2760 மி.கி. வெளியேறாத பத்து சதவீதத்தையும் சேர்த்தால் 3000-க்குக் கொஞ்சம் மேல். உடல் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரண்டு சேகரிப்பிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, ஆக ஏதோ ஒரு வேளை பிடிக்காமல் விட்டுப்போனது என்ற சந்தேகமும் இல்லை.

என் கருத்து இதுதான்: டையூரெட்டிக் அளவு மாறிய வாரத்தில் சிறுநீர்ச் சோடியத்தை உணவுக் கணக்காக வாசிக்கவே கூடாது, அப்போது உப்பு பாக்கெட் கணக்கே அதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலையான பிறகு சிறுநீர்தான் நல்லது. ரீகாலைத் தனியாக நம்பக் கூடாது, ஆனால் விடவும் கூடாது, ஏனென்றால் எதைக் குறைக்கலாம் என்பதை அது ஒன்றுதான் காட்டுகிறது. 3000 என்ற எண் எந்த ஊறுகாய் என்று சொல்லாது.

திரவம் கொஞ்சம் எளிது. மருமகள் சார்ட்டில் தினமும் எட்டு டம்ளர், டம்ளருக்கு 150 மி.லி., 1200 என்று எழுதியிருந்தார். வீட்டு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி அளந்தால் 220. அப்படியென்றால் 1760, ரசமும் காபியும் மோரும் சேராமல். அதனால் சார்ட்டை விட்டுவிட்டு பாட்டிலுக்கு மாறினோம். காலையில் 1.5 லிட்டர் நிரப்பி வைப்பது, காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுவது. எழுதத் தெரியாதவரும் மீதியைக் கண்ணால் பார்க்கலாம். தினசரி எடையும் பார்க்க வேண்டும், ஆனால் அது குடித்ததை அளப்பதில்லை, தேங்கியதை அளக்கிறது. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் போன் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

எவ்வளவு இறுக்குவது? முதலில் நான் எழுதியது 1500 மி.கி. சோடியம், 1 லிட்டர். ஆனால் 2022-ல் வந்த சோடியம்-எச்எஃப் ஆய்வில் ஆறு நாடுகளில் 806 பேரில், 1500-க்குக் கீழே இலக்கு வைத்ததால் இறப்பும் இதயப் பிரச்சினைக்காக மருத்துவமனைக்கு வருவதும் கண்கூடாகக் குறையவில்லை. அங்கு இரண்டு குழுவுமே தொடக்கத்திலேயே 2100-லிருந்து 2300 வரைதான் சாப்பிட்டார்கள், ஆக 3000 சாப்பிடுபவர் இறங்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. நெதர்லாந்தின் ஃப்ரெஷ்-அப் ஆய்வில், 2025-ல் வெளியானது, நிலையாக இருக்கும் 504 பேரில் 1.5 லிட்டர் கட்டுப்பாடு பெரிய பலன் தரவில்லை, தாகத் தொல்லைதான் கூடியது. இந்த அம்மாவுக்கு இரத்தச் சோடியம் 134, கடுமையாக இறங்கவில்லை. எனவே டாக்டரிடம் பேசி 2000 மி.கி., 1.5 லிட்டர் என்று நிறுத்தினோம். அதிலும் திரவ அளவு தளரலாம், வெயில் நாளில் கேட்டுவிட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று லோ சோடியம் உப்பு வாங்கி வைத்திருந்தார்கள். அதில் சோடியம் குளோரைடில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. இவரோ பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர், இரத்தப் பொட்டாசியம் ஏற்கெனவே 4.9. அந்தப் பாக்கெட்டை இந்த அம்மா சாப்பாட்டில் சேர்க்கவே வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டோம். ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தி, மோரில் உப்பு போடாமல் விட்டதற்குப் பின் அடுத்த மாதச் சிறுநீர்ச் சோடியம் 90 மில்லிமோல். ஊறுகாய் இல்லாமல் மோர் சாதம் இறங்கவில்லை என்று அந்த அம்மா சொன்னார், இப்போது எலுமிச்சையும் கொத்தமல்லியும் பிசைந்து சாப்பிடுகிறார்.