ஆய்வுக் கட்டுரையோட டிஸ்கஷன் பகுதியில பழைய ஆய்வை இழுக்குறப்போ: "உறுதிப்படுத்துது"ன்னு எழுதுறதா, "அதே திசையில இருக்கு"ன்னு எழுதுறதா?

ஒரு உதாரணம் வச்சுப்போம். ஒரே ஸ்கூல், அஞ்சாம் கிளாஸ் ரெண்டு செக்‌ஷன், ஒண்ணுல மட்டும் எட்டு வாரம் வாசிப்பு ரெமடியல், அந்த செக்‌ஷன் மார்க் ஏறிடுச்சு.

முதல் வழி: "இது பனர்ஜி குழுவோட 2007 பாலசகி ஆய்வை உறுதிப்படுத்துது, அதனால ரெமடியல் பலன் தரும்." சின்னது, கம்பீரமா இருக்கும். ரிவ்யூவர் முதல்ல பிடிக்கிறதும் இதைத்தான், ஏன்னா மும்பை, வதோதராவுல நடந்த அந்த ஆய்வுல, பின்தங்கின பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாலசகிங்கிற உதவி ஆசிரியை எந்த வகுப்புக்குப் போகணும்னு குலுக்கல் முறையில பிரிச்சாங்க, நிறைய ஸ்கூல் இருந்துச்சு. நம்மகிட்ட செக்‌ஷனுக்கு ஒரு டீச்சர், அதனால மார்க் ஏறினது ரெமடியலாலயா இல்ல அந்த டீச்சராலயான்னு எந்த டி-டெஸ்ட் போட்டாலும் பிரிக்க முடியாது.

ரெண்டாவது வழி: "முடிவு அதே திசையில இருக்கு, ஆனா அங்க பின்தங்கின பிள்ளைங்களை மட்டும் தனியா கூட்டிட்டுப் போனாங்க, இங்க முழு செக்‌ஷனுக்கும் நடந்துச்சு, டீச்சர் தாக்கத்தையும் ஒதுக்க முடியல." நாலு வரி நீளுது, சரி, ஆனா வேறுபாட்டுக்கான காரணத்தையும் சொல்லிடுது. இன்னொண்ணு, பாலசகியில ரெண்டாவது வருஷம் சுமார் 0.28 திட்டவிலக்கம் இருந்த பலன், திட்டம் முடிஞ்சு ஒரு வருஷத்துல 0.1 கிட்ட இறங்கிடுச்சு. முதல் வழியில எழுதுறவங்க பெரும்பாலும் இந்தப் பாதியை சைட் பண்றதே இல்ல.

என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான், ஆனா "இருக்கலாம்"னு எல்லா வரியிலயும் போடாதீங்க. மார்க் ஏறினதை நேரா சொல்லுங்க, காரணம் சொல்ற வரியில மட்டும் அது போதும்.