8.5 என்றால் எட்டரையா, எட்டு மணி ஐந்து நிமிடமா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் சீசன் ஆள் ஒருவர் ஆறு நாளும் 8 மணி 5 நிமிடம் வேலை பார்க்கிறார் என்று வைப்போம். சூப்பர்வைசர் எக்செலில் 8.5 என்று தட்டுகிறார். வாரக் கூட்டல் 51 மணி. உண்மையில் 48 மணி 30 நிமிடம்தான். இரண்டரை மணிக் கூலி கூடுதல்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, புள்ளியை அப்படியே விட்டு ஃபார்முலாவால் மாற்றுவது:

```
=DOLLARDE(A2,60)
```

8.45 என்று இட்டால் 8.75 மணி என்று சரியாகவே வரும். ஆனால் 8.5-ஐ இது 8 மணி 50 நிமிடமாக எடுத்துக்கொள்ளும். நம்ம ஆளுக்கு வாரம் 53 மணி ஆகிவிடும், மருந்தே நோயாகிறது! 8.05 என்று பூஜ்யத்தோடு போட்டால்தான் கணக்கு நிற்கும். அவசரத்தில் யார் போடுவார்கள்? 8.50 என்று அடித்தாலும் சாதாரண செல்லில் 8.5 என்றுதான் நிற்கும். பிறகு பார்த்து எது எதுவென்று பிரிக்க வழியில்லை. வருகைப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

மற்றது, 8:05 என்று கோலன் போடுவது. சோம்பலில் 8:5 என்று அடித்தாலும் எக்செல் 8:05 என்றே எடுக்கும். கூட்டல் செல்லுக்கு `[h]:mm` வடிவம் கொடுங்கள். வெறும் `h:mm` என்றால் 48:30 என்பது 0:30 ஆகத் தெரியும். கூலிக்கு:

```
=SUM(B2:B7)*24
```

இந்த செல்லை எண் வடிவத்தில் வைத்தால் 48.5 வரும்.

புதுத் தாளுக்குக் கோலன்தான். நிமிடம் எப்போதும் இரண்டு இலக்கத்தில் இருக்கும் பழைய தாளுக்கு மட்டும் ஃபார்முலா.