கடை சொல்லும் உத்தேசத் தேதியை நம்பி 135 டாலரை இழந்தேன்

2021 மார்ச் 10 அன்று, தொலைநோக்கியைப் பொருத்தும் தாங்கி ஒன்றுக்கு வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் பேபால் வழியாக 900 டாலர் முழுவதையும் செலுத்தி முன்பதிவு செய்தேன். கப்பல் கன்டெய்னர்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டு அது என்பதால், தாமதம் நேரும் என்று எதிர்பார்த்தே இருந்தேன். கடையின் பக்கத்தில் உத்தேசத் தேதி மே 31 என்றிருந்தது. அது தயாரிப்பாளரிடமிருந்து சரக்கு கடைக்கு வந்து சேரும் நாள்தான், எனக்கு அனுப்பப்படும் நாள் அல்ல என்பதை, தேதிக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த வரியைப் பிறகு படித்தபோதுதான் அறிந்தேன்.

மே 28 அன்று அந்தத் தேதி ஜூலை 31 ஆக மாறியது. ஜூலை இறுதியில் மீண்டும் செப்டம்பர் 30 ஆக மாறியது. மூன்றுமே மாதத்தின் கடைசி நாள்கள் என்பதையும், அதே கடையில் இருப்பு இல்லாத வேறு பல பொருள்களுக்கும் அதே தேதிகள் போடப்பட்டிருந்ததையும் நான் கவனித்திருக்க வேண்டும். தயாரிப்பாளர் உறுதியாகச் சொன்ன நாள் பொருளுக்குப் பொருள் வேறுபடும். எல்லாவற்றுக்கும் ஒரே நாள் இருந்தால், காலியிடத்தை நிரப்பப் போட்ட தேதியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

ஆனால் நான் செய்த பெரிய தவறு வேறு. பொருள் வரவில்லை என்று பேபாலில் புகார் பதிய, பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள்களே அவகாசம் உண்டு. என் கணக்கில் அது செப்டம்பர் 6 உடன் முடிந்தது. கடையின் மூன்றாவது தேதி அந்த எல்லையைத் தாண்டிச் சென்ற அன்றே நான் ரத்து செய்திருக்க வேண்டும். இவ்வளவு காத்திருந்தபின் வரிசையில் உள்ள இடத்தை விடுவானேன் என்று எண்ணி அக்டோபர் வரை பொறுத்திருந்து ரத்து கேட்டபோது, கடையின் கையிருப்பில் ஒரு நாளும் இல்லாத அந்தப் பொருளுக்கு 'மீண்டும் இருப்பில் சேர்க்கும் கட்டணம்' என்று 15 சதவீதம், அதாவது 135 டாலரைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். பேபாலிடம் முறையிட எனக்கு வழி இருக்கவில்லை.

வரிசையில் உள்ள இடத்துக்கு மதிப்பு உண்டா என்பதையும் கேட்டே அறிய முடியும். எனக்கு முன்னால் எத்தனை பேர், அடுத்த சரக்கில் எத்தனை வரும் என்று ஆகஸ்டிலேயே கேட்டேன். முன்னால் 22 பேர் என்றும் ஒரு முறைக்கு நான்கோ ஐந்தோ வரும் என்றும் பதில் வந்தது. அப்படியானால் ஐந்தாவது அல்லது ஆறாவது சரக்கில்தான் என் முறை. செப்டம்பர் 30 என்ற தேதி உண்மையாகவே இருந்திருந்தாலும் அது எனக்கான தேதி அல்ல.

இப்போது முன்பணம் செலுத்தும் நாளிலேயே புகார் அவகாசம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து, அதற்கு இரண்டு வாரம் முன்பாக ஒரு நினைவூட்டலும் வைக்கிறேன். பொருள் அதற்குள் புறப்படவில்லையென்றால், எழுத்து மூலம் ரத்து கேட்டு, ஒரு வாரத்தில் முழுப் பணமும் திரும்பாவிட்டால் புகார் பதிந்துவிடுகிறேன்.