கணக்கெடுப்பா, உரிமையாளர் புகார்களா?

திருமங்கலத்திலிருக்கும் என் மைத்துனர், இரண்டு ஸ்கூட்டர்களில் எதை வாங்குவதென்று தெரியாமல், ஒரு கணக்கெடுப்பையும் உரிமையாளர்களின் புகார்களையும் என்னிடம் கொண்டுவந்தார்.

கணக்கெடுப்பில் முதல் வண்டி வைத்திருந்த 20 பேரில் 3 பேருக்குப் பழுது, அதாவது 15 சதவீதம். இரண்டாவதில் 200 பேரில் 20 பேருக்கு, அதாவது 10 சதவீதம். முதல் வண்டி மோசமென்று அவர் முடிவுகட்டியிருந்தார். ஆனால் 20 பேரை மட்டும் கேட்டால் உண்மையான விகிதம் ஏறத்தாழ 5 முதல் 36 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். 200 பேரைக் கேட்கும்போது அந்த வரம்பு 7 முதல் 15 வரை சுருங்குகிறது. ஒன்றின் வரம்பு மற்றொன்றை முழுதும் விழுங்குவதால், இந்த எண்களைக் கொண்டு எது மேல் என்று சொல்ல இயலாது.

புகார்களில் சிக்கல் வேறு. நாற்பது புகார்கள் என்றால், விற்றவை 500 வண்டிகளா 50,000 வண்டிகளா என்பது தெரியாது; நன்றாக ஓடும் வண்டிக்காரர் எழுத உட்காருவதுமில்லை.

பழுது எவ்வளவு அடிக்கடி வரும் என்று அறிய: கணக்கெடுப்பு, அதுவும் நூறு பேருக்கு மேல் பதில் சொல்லியிருந்தால்.
எந்தப் பாகம், எத்தனை கிலோமீட்டரில் பழுதாகும் என்று அறிய: புகார்கள்.

தொடர்பில்லாத ஐந்து பேர் ஒரே பெல்ட் ஏறக்குறைய ஒரே தூரத்தில் அறுந்ததாக எழுதியிருந்தார்கள். மெக்கானிக்கிடம் முதலில் அதைத்தான் விசாரிக்கச் சொன்னேன்.